மைக் வயரை முழங்கையில் சுற்றலாமா? மண்டபத்து மைக் செட்காரர் பதில்கள்

20 மீட்டர் மைக் வயர், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விரித்தால் பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. பிளக்கைத் தொட்டால் கரகரப்பு. மட்டமான வயரா? (ஏர்வாடி)

கையிலிருந்து முழங்கைக்குத்தானே சுற்றுகிறீர்கள்? ஒரே பக்கமாகப் போடும் ஒவ்வொரு சுற்றும் வயருக்குள் ஒரு முழு முறுக்கை ஏற்றும். சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் என்றால் உங்கள் வயரில் 16 முறுக்கு. பிளக்கைப் பிடித்து நேராக இழுத்தால் அத்தனையும் உள்ளேயே தங்கிவிடும். பிளக்கின் கழுத்தில் வயர் இறுகப் பிடித்திருப்பதால், அங்கேதான் மடங்கி மடங்கி செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

முதல் சுற்றை வழக்கம்போல இடது கையில் போடுங்கள். அடுத்ததற்கு வலது கையைத் திருப்பி, கட்டைவிரல் உங்களைப் பார்க்க வயரைப் பிடியுங்கள். இடது கைக்குக் கொண்டுவரும்போது மணிக்கட்டு தானாகத் திரும்பும். மீதி வயர் அந்த வளையத்துக்கு அடியில், உள்பக்கமாக வரும். முதல் சுற்றின் முறுக்கை இது எடுத்துவிடும். இப்படியே மேல் ஒன்று, கீழ் ஒன்று.

பழைய வயர் முதலில் இணங்காது. சிமெண்டுத் தரையில் முழு நீளத்துக்கும் விரித்து வெயிலில் கொஞ்ச நேரம் போடுங்கள். இளகியதும் ஒரு முனையிலிருந்து கையால் உருவி, முறுக்கை மறுமுனை வழியாக வெளியேற்றுங்கள். ஆனால் கரகரப்பு இதில் போகாது. பிளக்கை ஒட்டி ஒரு சாண் வெட்டி, புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.

படகில் வடக்கயிற்றை எப்போதும் வலமாகத்தான் சுற்றுகிறோம். ஒன்றும் ஆவதில்லையே! (பாம்பன்)

கயிற்றுக்கு அது சரி. திரித்த கயிற்றைப் புரி போகும் பக்கமாகச் சுற்றினால் அது ஒத்துப்போகும். முனையும் சும்மா கிடப்பதால் மிஞ்சிய முறுக்கு உருண்டு வெளியேறும். வயரில் அறுவதற்குச் செம்பு இருக்கிறது, கயிற்றில் இல்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே சுற்றினேன். மேடையில் வீசினால் வழியெல்லாம் முடிச்சு! (தொண்டி)

சுற்றியதில் தப்பில்லை. ஒரு முனை சுருளின் நடுவே நுழைந்துவிட்டது. அப்படி நுழைந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு முடிச்சு விழும். கடைசி முனையை வெளிப்பக்கமாகவே விட்டு, தனி நாடாவால் கட்டுங்கள். அவிழ்த்ததும் வெளிமுனையைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசுங்கள்.

ஜெனரேட்டர் வயர் உருளையில் இருக்கும்போதே சூடாகிறது. இதுவும் முறுக்கினாலா? (தேவிபட்டினம்)

இல்லை, அது வேறு. உருளையில் சுற்றியபடியே பெரிய லோடு எடுத்தால் சூடு வெளியேற வழியில்லை, மேலுறை உருகும். கொஞ்ச நீளமே தேவைப்பட்டாலும் முழுவதும் அவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள்.

தடித்த பவர் வயரைக் கையில் பிடித்துச் சுற்ற முடியாது. நான் தரையில் எட்டு வடிவில் போடுகிறேன், அதிலும் முறுக்கு ஏறாது. பெரிய வளையமாக மேல், கீழ் போட்டாலே போதும் என்கிறார் என் கூட்டாளி. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.