ஊரில் வாங்கிய நகைக்கும் வரியா?

"துபாயில் 3 வருஷமாக இருக்கிறேன். ஊரில் வாங்கிய என் 12 பவுன் கல்யாண நகையோடு சென்னை வருகிறேன். வரி கேட்பார்களா?"

கேட்கலாம். ஊரிலிருந்து கிளம்பும்போது சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டீர்கள். அது இல்லாவிட்டால் ஊர் நகை என்று அதிகாரிக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்த பெண்ணுக்கு 40 கிராம் நகைதான் விலக்கு. மீதி 56 கிராம்தான் சிக்கல்.

பழைய ரசீதில் உள்ள எடை நகையோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு வளையலை மாற்றியிருந்தால்கூட கேள்வி வரும். விமான நிலையத்தில் ரசீது, கல்யாண போட்டோவோடு, பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் பிடிபட்டால் பறிமுதல் வரை போகும்.

நகை கைப்பையிலேயே இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். நோட்டாக 5,000 டாலருக்கு மேல் வெளிநாட்டுப் பணம் இருந்தால் அதற்கும் படிவம் உண்டு.

அப்புறம், ரசீது இருந்தாலும் முடிவு அதிகாரி கையில்தான். துபாய் திரும்பும்போது மறக்காமல் அந்தச் சான்றிதழை வாங்குங்கள்.