போட்டோவைப் பார்த்து மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

கேள்வி: பெங்களூரு வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே வாங்கிய மிளகாய்த்தூள் ஊரில் பார்த்ததை விட ரொம்பச் சிவப்பாக இருக்கிறது, மஞ்சள்தூளும் பளிச்சென்று இருக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டால் கலர் கலந்திருக்கிறதா, மாவு கலந்திருக்கிறதா என்று யாராவது சொல்ல முடியுமா?

தட்டில் கொட்டி வைத்த தூளின் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எதை, எப்படிப் படம் எடுக்கிறீர்கள் என்பதை மாற்றினால் ஓரளவு சொல்லலாம். நான் பீன்யாவில் ஒரு மசாலா அரவை நிறுவனத்தின் லேபில் வேலை செய்கிறேன். வரும் மிளகாயையும் மஞ்சளையும் சோதிப்பதுதான் தினசரி வேலை என்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குத்தான் இப்படிப் படம் அனுப்புவார்கள்.

முதலில் அந்தச் சிவப்பைப் பற்றி. ஊரில் நாம் அரைப்பது பெரும்பாலும் சம்பா மிளகாயும் குண்டு மிளகாயும். இரண்டிலும் காரம் தூக்கலாக இருக்கும், நிறம் சுமார்தான். கர்நாடகத்தில் ஓடுவது பியாடகி மிளகாய். ஹாவேரி மாவட்டத்து பியாடகி ஊரின் பெயர் அது. தோல் சுருங்கிச் சுருங்கி, நல்ல அடர் சிவப்பாக, காரம் குறைவாக இருக்கும். வாங்குகிறவர்களே நிறத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால் இங்கே தூள் சிவப்பாக இருப்பது ஒன்றும் சந்தேகத்துக்குரிய விஷயம் இல்லை. இன்னொன்று, மிளகாய்த்தூளில் 2 சதவீதம் வரை சமையல் எண்ணெய் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதியே அனுமதிக்கிறது, பாக்கெட்டில் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் பட்ட தூள் ஈரமண் போல ஒரு படி அடர்த்தியாகத் தெரியும்.

அடுத்தது போன் கேமரா. சாப்பாட்டுப் படம் நன்றாக வர வேண்டும் என்று அது சிவப்பையும் மஞ்சளையும் தானாகவே தூக்கிக் காட்டும். மிளகாய்த்தூள் போலப் படம் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால், சிவப்பு அதன் உச்ச அளவைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் நல்ல தூளும் சாயத் தூளும் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். கடையின் மஞ்சள் பல்பு, மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய், எவர்சில்வர் தட்டின் பளபளப்பு, இவையெல்லாம் வேறு நிறத்தை மாற்றும்.

போன வருடம் விருதுநகரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த என் சித்திக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த தூள் தீர்ந்துபோய், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பியாடகி பாக்கெட் வாங்கியிருந்தார். அது போதாமல் ஒரு கடையில் உதிரியாக அரைக் கிலோ வாங்கியிருந்தார். பாக்கெட் தூளின் படத்தை அனுப்பி, "ஏம்மா, இப்படி ரத்தச் சிவப்பா இருக்கே, சாயம் போட்டிருப்பானுங்களா?" என்று கேட்டார். இரவில், டியூப்லைட் வெளிச்சத்தில், தட்டில் வைத்து எடுத்த படம். என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் பால்கனி நிழலில் எடுக்கச் சொன்னேன். வெயில் நேரடியாகப் படக்கூடாது. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு தூளையும் பக்கத்தில் பக்கத்தில் அரை ஸ்பூன் வைத்து, ஸ்பூனின் அடிப்பக்கத்தால் மெலிதாகத் தேய்த்துவிட வேண்டும். மூன்றாவதாக, வீட்டில் இருக்கும் வற்றல் பத்தைக் காம்பு கிள்ளி மிக்ஸியில் அரைத்து அதையும் வைக்கச் சொன்னேன். நமக்கு நிச்சயமாகத் தெரிந்த தூள் ஒன்று அதே படத்தில் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? போனில் தூளைத் தொட்டு ஃபோகஸ் செய்யாமல் வெள்ளைத் தாளைத் தொட வேண்டும். அப்போது வெளிச்ச அளவு தாளுக்கு ஏற்ப அமைந்து, தூளின் சிவப்பு உச்சத்துக்குப் போகாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கங்கள் போய்விடும், அதனால் டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொன்னேன்.

அந்தப் படத்தில்தான் முதல் வித்தியாசம் தெரிந்தது. மிளகாயில் தோல் சிவப்பு, விதை வெளிர் மஞ்சள். எவ்வளவு அரைத்தாலும், சலித்து எடுத்த மிக நைஸான தூளாக இல்லாத வரை, விதைத் துணுக்குகள் மஞ்சளாகத் தனியே தெரிய வேண்டும். மிக்ஸியில் அரைத்ததிலும் பாக்கெட்டிலும் தெரிந்தன. உதிரித் தூளும் கொரகொரப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதில் விதைத் துணுக்கு உட்பட எல்லாம் ஒரே ஆரஞ்சுச் சிவப்பு. இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் எண்ணெய் சேர்த்து அரைத்தால் தோலின் நிறம் விதையிலும் ஏறும். ஆனால் அடுத்த சோதனைக்குப் போக இது போதுமான காரணம்.

மூன்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பின்னால் வெள்ளைத் தாள், மேலே அரை ஸ்பூன் தூவி, கலக்காமல் விட வேண்டும். தூவியவுடன் ஒரு படம், 5 நிமிடத்தில் ஒன்று, அரை மணி நேரத்தில் ஒன்று. இணையத்தில் சுற்றும் வீடியோக்கள் இங்கேதான் தப்பு செய்கின்றன. தூவியவுடன் சிவப்புக் கோடுகள் கீழே இறங்கினால் உடனே சாயம் என்கிறார்கள். நல்ல தூளிலும் நுண்ணிய துகள்கள் வரிசையாக மூழ்கும்போது அப்படிக் கோடாகத் தெரியும். அதனால் நான் அரை மணி நேரப் படத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பேன். துகள் என்றால் அதற்குள் அடியில் படிந்து, மேல்தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்து, வெளிறிய வைக்கோல் நிறத்தில் நிற்கும். மிளகாயின் இயற்கைச் சிவப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கரைந்த சாயம் என்றால் மேல்தண்ணீர் கலங்காமல், ஆனால் நிறத்தோடு, ரோஸ்மில்க் எசன்ஸ் விட்ட தண்ணீர் போல நிற்கும். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படம் எடுத்தால் இன்னும் தெளிவு: எழுத்து மங்கினால் கலங்கல், எழுத்து பளிச்சென்று படிக்க முடிந்து தண்ணீர் மட்டும் சிவப்பாக இருந்தால் சாயம்.

சித்தியின் பாக்கெட் தூளும் மிக்ஸித் தூளும் தெளிந்தன. உதிரித் தூளின் தண்ணீர் அரை மணி கழித்தும் இளஞ்சிவப்பாக நின்றது, எழுத்தைப் படிக்க முடிந்தது. அவர் சந்தேகப்பட்டது ஒன்றை, மாட்டியது வேறொன்று. அந்தத் தூளைக் கொண்டுவரச் சொல்லி, அதன் வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, சாயமேற்றாத வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டு லேபில் கொதிக்க வைத்தேன். நூல் சிவப்பாகி, குழாய்த் தண்ணீரில் அலசியும் வெளுக்கவில்லை. பேப்பர் குரோமட்டோகிராஃபியில் அது பான்சோ 4ஆர் சாயத்தோடு ஒத்துப்போனது. சில உணவுகளில் அளவோடு அனுமதிக்கப்பட்ட நிறம்தான் அது, ஆனால் மசாலாத் தூளில் சேர்க்க அனுமதி கிடையாது.

மாவு விஷயத்தில் மிளகாய்த்தூள் நமக்கு வசதியானது. பழுத்த மிளகாயில் ஸ்டார்ச் மிகக் குறைவு. தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மருந்துக் கடை டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டால், அரிசி மாவு கலந்திருந்தால் கருநீலமாகும், அது படத்திலும் நன்றாக விழும். (நம் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளில் இதைச் செய்யாதீர்கள். அதில் பருப்பும் அரிசியும் நாமே போட்டிருப்போம்.) செங்கல் பொடி என்றால், டம்ளர் தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு அடியில் மிஞ்சுவதை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருக்கும், படத்தில் இது தெரியாது. கொஞ்சம் மணல் களத்தில் காயப்போட்டதிலிருந்தும் வந்திருக்கலாம்.

இப்போது எந்தப் படத்திலும் மாட்டாத ஒன்று. சூடான் என்ற சாய வகை மிளகாயின் சொந்த நிறம் போலவே எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. டம்ளர் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். 2003-ல் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் 1 பிடிபட்டு ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2005-ல் பிரிட்டனில் அப்படிப்பட்ட தூள் ஒரு வொர்செஸ்டர் சாஸில் போய், அந்த சாஸ் சேர்ந்த நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அத்தனை கண்களையும் தாண்டிப் போன சாயம் அது, லேபில் கருவியில்தான் பிடிபடும். ஆகவே தண்ணீர் சிவந்தால் தூள் சந்தேகத்துக்குரியது, சிவக்காவிட்டால் தூள் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

மஞ்சள்தூள் இதைவிடக் கஷ்டம். மஞ்சளிலேயே ஸ்டார்ச் நிறைய இருப்பதால் அயோடினில் நல்ல மஞ்சளும் நீலமாகும், அதை வைத்து மாவு என்று சொல்லக்கூடாது. சோப்பு பட்டதும் சிவந்தது, அதனால் கலப்படம் என்று வரும் படங்களையும் நம்பாதீர்கள். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே வேலைதான் இது, அசல் மஞ்சள்தான் அப்படிச் சிவக்கும். மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலச் சோதனை இருக்கிறது. அமிலத்தில் வரும் இளஞ்சிவப்பு, தண்ணீர் விட்ட பின்னும் போகாவிட்டால் அந்தச் சாயம். அதை வீட்டில் செய்ய வேண்டாம். லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம்தான் என்னை ரொம்பப் பயமுறுத்துவது. பங்களாதேஷில் மஞ்சளைப் பாலிஷ் போடும்போது பளபளப்புக்காக இதைச் சேர்த்து வந்தார்கள், 2019-ல் ஆய்வாளர்கள் அதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் அரசு இறங்கிச் சந்தையைச் சுத்தம் செய்தது. தூளாகிவிட்டால் படத்தில் அது வெறும் நல்ல மஞ்சள்தான்.

அதனால் மஞ்சளுக்கு நான் கேட்கும் படம் வேறு: பாலிஷ் போட்ட விரலி மஞ்சள் ஒன்றை உடைத்து, வெளிப்புறமும் உடைந்த முகமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். நல்ல விரலியில் வெளிப்புறம் மங்கலாக இருந்து, உள்ளே அடர் ஆரஞ்சு மஞ்சள் இருக்கும். வெளியே எலுமிச்சை மஞ்சளாகப் பளபளத்து, உள்ளே வெளுத்திருந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் மிளகாய்த்தூளுக்கு மேலே சொன்ன மூன்று டம்ளர் படங்களைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் சிவந்திருந்தால் மிச்சத் தூளை அதே கவரில் மூடி, பில்லோடு எடுத்து வையுங்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் வாங்கும் நேரத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதனால் வீட்டில் ஒரு முறை பார்த்துவிட்டு, அதே கடையில் சொல்லிவிட்டு மறுபடி வாங்குங்கள்.