ஒரு பரிமாற்றம், பல இன்வாய்ஸ்கள்: சப்ளையருக்கு எழுதும் மின்னஞ்சல் பற்றிய கேள்வி பதில்

போர்ட் லூயிஸ், பாத்திரக் கடை உரிமையாளர்: சென்னை சப்ளையருக்கு 7,000 டாலரை ஒரே தடவையில் அனுப்புகிறேன். ஐந்து இன்வாய்ஸ் பாக்கி, ஒரு கிரெடிட் நோட்டும் இருக்கிறது. சென்ற முறை "பணம் அனுப்பிவிட்டோம்" என்று மட்டும் எழுதியதால் இரு கணக்கும் இன்று வரை ஒத்துப்போகவில்லை. இந்த முறை எப்படி எழுதுவது?

ஐயா, தாங்கள் கொடுத்த விவரங்களை வைத்தே மின்னஞ்சலை எழுதிக் காட்டுகிறேன். எழுதுவதற்கு முன் ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும். 7,000 டாலர் எல்லா இன்வாய்ஸுக்கும் போதாது. ஆகவே எது முழுமையாகத் தீருகிறது, எது பாதியில் நிற்கிறது, எதைத் தொடவே இல்லை என்பதைத் தாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தவணை நாள் கடந்த மூன்றை முழுமையாகத் தீர்த்து, மிஞ்சுவதை நான்காவதில் வைப்பது தங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பொருள்: 10 ஜூன், 7,000.00 அமெரிக்க டாலர் – EX-118, EX-124, EX-131 முழுமை, EX-137 பகுதி

வணக்கம்.

இன்று தங்கள் கணக்குக்கு (இறுதி நான்கு இலக்கங்கள் 4471) 7,000.00 அமெரிக்க டாலர் அனுப்பியுள்ளோம். வங்கி கொடுத்த ஸ்விஃப்ட் நகலை இணைத்துள்ளோம். இத்தொகையைக் கீழ்க்கண்டவாறு வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

EX-118, 12 மார்ச்: இன்வாய்ஸ் தொகை 1,850.00, இப்போது செலுத்துவது 1,850.00, மீதி இல்லை.

EX-124, 2 ஏப்ரல்: இன்வாய்ஸ் தொகை 2,240.00, தங்கள் கிரெடிட் நோட் CN-09 படி கழிவு 160.00, இப்போது செலுத்துவது 2,080.00, மீதி இல்லை.

EX-131, 25 ஏப்ரல்: இன்வாய்ஸ் தொகை 1,475.50, இப்போது செலுத்துவது 1,475.50, மீதி இல்லை.

EX-137, 14 மே: இன்வாய்ஸ் தொகை 3,120.00, இப்போது செலுத்துவது 1,594.50, மீதி 1,525.50. இந்த மீதியை 30 ஜூனுக்குள் அனுப்புவோம்.

செலுத்திய மொத்தம்: 7,000.00

இந்தப் பரிமாற்றத்தில் சேராதது: EX-142, 3 ஜூன், 980.00. தவணை நாள் 3 ஜூலை.

எங்கள் கணக்குப்படி இன்றைய நிலுவை 2,505.50 டாலர். தங்கள் கணக்கில் வேறு தொகை இருந்தால், எந்த இன்வாய்ஸில் வேறுபாடு என்று குறிப்பிட்டு எழுத வேண்டுகிறோம்.

அனுப்புவதற்கு முன் இரண்டு வழியிலும் கூட்டிப் பாருங்கள். மேலிருந்து வந்தால் 1,850.00, 2,080.00, 1,475.50, 1,594.50 ஆகிய நான்கும் சேர்ந்து சரியாக 7,000.00 வர வேண்டும். மறு வழியில், ஐந்து இன்வாய்ஸின் மொத்தமான 9,665.50-இலிருந்து கிரெடிட் நோட் 160.00-ஐயும் பரிமாற்றம் 7,000.00-ஐயும் கழித்தால் 2,505.50 வர வேண்டும். முதல் கூட்டல் மட்டும் சரியாக இருந்து இரண்டாவது பொருந்தாவிட்டால், ஓர் இன்வாய்ஸ் பட்டியலிலிருந்தே விடுபட்டிருக்கலாம், அல்லது ஒரு மீதி தவறாக எழுதப்பட்டிருக்கலாம். தங்கள் பழைய குழப்பமும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கியிருக்கும்.

EX-124-இல் 2,080.00 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சப்ளையரின் புத்தகத்தில் அந்த இன்வாய்ஸ் 2,240.00 என்றுதான் நிற்கிறது. கிரெடிட் நோட்டின் எண்ணும் தொகையும் அருகிலேயே இல்லாவிட்டால், அவருடைய கணக்காளர் 160.00-ஐக் குறைவாக வந்த பணமாக எழுதி வைப்பார். கிரெடிட் நோட் வேறோர் இடத்தில் பயன்படுத்தப்படாமல் கிடக்கும்.

ரோஸ் ஹில், கணக்கர்: இவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. வருகிற பணம் பழைய பாக்கியில்தானே முதலில் கழியும்? அதுதானே சட்டம்?

கடைசிக் கட்டத்தைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி; அதற்கு முன் இரண்டு கட்டங்கள் உள்ளன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 ஆகிய மூன்று பிரிவுகள் இதையே பேசுகின்றன. எந்தக் கடனுக்கு இந்தப் பணம் என்று செலுத்துபவர் சொன்னால், பணத்தை ஏற்றுக்கொள்ளும்போது அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து தெரியாமலும் இருந்தால், பெறுபவர் தம் விருப்பப்படி எந்தப் பாக்கியிலும் வைக்கலாம். காலவரம்பு கடந்து, வழக்குப் போட முடியாத பழைய கடனில்கூட வைக்கலாம். இருவருமே ஒன்றும் செய்யாதபோதுதான் கால வரிசை வருகிறது. பிரெஞ்சுச் சட்டத்தின் வழிவந்த நம் மொரிஷியஸ் சிவில் சட்டமும், எந்தக் கடனைத் தீர்க்கிறோம் என்று பணம் செலுத்தும்போதே சொல்லும் உரிமையைக் கடனாளிக்குத் தருகிறது.

ஆகையால் அந்த மின்னஞ்சல் பணத்தோடு சேர்ந்தே போக வேண்டும். சப்ளையர் தம் விருப்பப்படி வரவு வைத்து, அதைத் தெரிவித்தும்விட்ட பிறகு நாம் எழுதுவது வேண்டுகோளாக மட்டுமே இருக்கும்.

இந்திய ஏற்றுமதியாளருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் எந்த ஷிப்பிங் பில்லுக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துக் காட்டினால்தான், ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவில் அந்த பில் மூடப்படும். நாம் அனுப்பும் பட்டியல்தான் அவர் வங்கியில் காட்டும் ஆதாரம். கிரெடிட் நோட்டால் குறைந்த தொகைக்கும் அவர் அங்கே காரணம் காட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான சப்ளையர்கள் பட்டியல் கேட்டு மீண்டும் மீண்டும் எழுதுவது இதனால்தான். அது நம்பிக்கையின்மை அன்று.

கியூர்ப்பிப், துணிக்கடை: வங்கிப் படிவத்தில் செய்தி எழுதும் இடத்திலேயே இன்வாய்ஸ் எண்களை எழுதிவிடுகிறேன். பிறகு மின்னஞ்சல் எதற்கு, அக்கா?

ஸ்விஃப்ட் பரிமாற்றத்தில் அந்தச் செய்திக்கு மரபாக உள்ள இடம் வரிக்கு 35 எழுத்து வீதம் நான்கு வரிகள், அதாவது மொத்தம் 140 எழுத்துகள். நான்கு இன்வாய்ஸ் எண்கள் அதில் அடங்கும்; ஒவ்வொன்றின் தொகையும் கழிவும் மீதியும் அடங்கா. பெறும் வங்கி தன் வாடிக்கையாளருக்குக் காட்டும் பட்டியலில் அச்செய்தி பாதியில் வெட்டுப்படுவதும் உண்டு. எண்களை அங்கே எழுதுவதை நிறுத்த வேண்டாம் தங்கச்சி, அது நல்ல பழக்கம். அதே எண்களை அதே எழுத்தமைப்பில் மின்னஞ்சலிலும் கொடுங்கள். ஓரிடத்தில் EX-118 என்றும் மற்றோரிடத்தில் வெறும் 118 என்றும் இருந்தால், கணினியில் தேடுபவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

திரியோலே, சமையல் ஒப்பந்தக்காரர்: எனக்கும் இதே தொல்லைதான். கல்யாண வீட்டார் தவணை தவணையாக மொபைலில் பணம் அனுப்புகிறார்கள், எந்த பில்லுக்கு என்று சொல்வதில்லை. நான் என்ன மின்னஞ்சல் எழுதுவது?

அண்ணா, தாங்கள் பணம் பெறும் பக்கத்தில் இருக்கிறீர்கள்; இங்கே பேசுவது செலுத்துபவர் எழுதும் மின்னஞ்சலைப் பற்றி. ஆனாலும் பணம் வந்த அன்றே, "இந்தத் தொகையை இந்த பில்லில் வரவு வைத்துள்ளோம், மீதி இவ்வளவு" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவர்கள் மறுக்க விரும்பினால் அப்போதே மறுப்பார்கள்.

டர்பன், இரும்புப் பொருள் வணிகர்: நிலுவை என்று நாமே எழுத்தில் கொடுத்தால் அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? என்னிடம் ஓர் இன்வாய்ஸ் இருக்கிறது, சரக்கு குறைவாக வந்ததால் நான் அதைக் கட்டப் போவதில்லை.

ஆகிவிடலாம், ஆகையால் சொல்லில் கவனம் வேண்டும். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, வரம்பு முடிவதற்கு முன் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், வரம்பு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. நியாயமாகக் கொடுக்க வேண்டிய பாக்கியை ஒப்புக்கொள்வதில் நேர்மையான வணிகருக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. தாங்கள் மறுக்கும் இன்வாய்ஸை மட்டும் அந்த மொத்தத்தில் சேர்க்காதீர்கள்.

மின்னஞ்சலில் அதற்குத் தனி இடம் கொடுங்கள்: "இந்த இன்வாய்ஸில் 40 பெட்டிகளுக்கு 36 மட்டுமே வந்தன, இன்ன தேதியில் தெரிவித்தோம், தீர்வு காணும் வரை இதை எங்கள் நிலுவையில் சேர்க்கவில்லை." பெட்டிகளின் எண்ணிக்கையையும் தேதியையும் தங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். சப்ளையர் கிரெடிட் நோட் தராத நிலையில், தாங்களே ஒரு தொகையைக் கழித்துவிட்டு அதைக் கிரெடிட் நோட் என்று எழுதக் கூடாது. அது தங்கள் கோரிக்கை மட்டுமே. வந்து சேர்ந்த 36 பெட்டிகளுக்கான பணத்தையும் நிறுத்தி வைப்பது சரியா என்பது வேறு கேள்வி. நான் அதை நிறுத்த மாட்டேன். தங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கலாம்.

போர்ட் லூயிஸ், பாத்திரக் கடை உரிமையாளர்: எழுதிக் கொடுத்தபடியே அனுப்பினேன். 6,982 டாலர்தான் வந்தது என்று பதில் வந்திருக்கிறது. பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பட்டுமா?

வேண்டாம் ஐயா. முதலில் ஸ்விஃப்ட் நகலில் கட்டணம் யார் மீது என்று குறித்துள்ள இடத்தைப் பாருங்கள். OUR என்று இருந்தால் எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவர் ஏற்கிறார். தொகை குறைந்ததேன் என்று தங்கள் வங்கியைக் கேட்கலாம். SHA என்று இருந்தால் வழியில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். 18 டாலர் அப்படிப் போயிருக்கக்கூடும். BEN என்றால் முழுக் கட்டணமும் பெறுபவர் மீது விழுகிறது.

SHA என்ற நிலையில் அந்த 18 டாலரை யார் ஏற்பது என்பதில் வணிகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அனுப்பியது 7,000, ஆகவே தம் கடமை தீர்ந்தது என்பார் வாங்குபவர். இன்வாய்ஸ் தொகை முழுதாகக் கைக்கு வர வேண்டும் என்பார் விற்பவர். ஆர்டரில் ஒரு வரி எழுதியிருந்தால் அதுவே முடிவு. எழுதவில்லையென்றால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஏற்றுக்கொள்வதாக முடிவு செய்தால், 18 டாலரை நான்கு இன்வாய்ஸிலும் பிரித்துப் போடாதீர்கள். தீர்ந்த மூன்றும் மீண்டும் திறந்துவிடும். ஏற்கெனவே பாதியில் நிற்கும் EX-137-இல் மட்டும் வையுங்கள். அதன் மீதி 1,543.50 ஆகும், மொத்த நிலுவை 2,523.50 ஆகும். சப்ளையரின் மின்னஞ்சலுக்கு மறுமொழியாக இந்த இரண்டு எண்களையும் எழுதி, அடுத்த பரிமாற்றத்துக்குக் கட்டணம் யாருடையது என்பதையும் அதிலேயே உறுதிசெய்து கேளுங்கள்.