முதல் தடவை தயங்கினீர்களே, அதைச் சொல்லுங்கள்

"செயினைப் பறித்தவனை நேருக்கு நேர் பார்த்தேன். ஸ்டேஷனில் போட்டோ காட்டியபோது தயங்கினேன், அடையாள அணிவகுப்பில் பார்த்ததும் 100% உறுதியாகிவிட்டது. தப்பாக இருக்குமா?"

இருக்கலாம். அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1984-ல் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு மாணவி, பின்னால் அடையாளம் காட்டவேண்டும் என்றே அவன் முகத்தை உற்றுப் பார்த்து வைத்திருந்தார். போலீஸ் படத்துக்காகக் கண், மூக்கு, உதடு என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் (முகத்தை நாம் மொத்தமாகத்தான் நினைவில் வைக்கிறோம், சிக்கல் அங்கேயே ஆரம்பம்). அப்புறம் ஆறு போட்டோக்களை நெடுநேரம் பார்த்து ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். நேரில் நிறுத்திய வரிசையில், போட்டோவிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான், அதனால் பார்த்த முகமாகத் தெரிந்தது, எங்கே பார்த்தோம் என்பது மட்டும் இடம் மாறிப்போனது. 1987 மறுவிசாரணையில் நிஜக் குற்றவாளி பாபி பூலையே எதிரில் நிறுத்தியும் அந்த மாணவிக்கு அடையாளம் தெரியவில்லை. 1995-ல் டிஎன்ஏ சோதனை காட்டனை விடுவித்தபோது 10 வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது.

உங்கள் விஷயத்திலும் போட்டோ, அணிவகுப்பு இரண்டிலும் வந்தது அந்த ஒருவன் மட்டும்தானா? போட்டோவைக் காட்டியவருக்குச் சந்தேக நபர் யாரென்று தெரியுமா, நீங்கள் கை காட்டியதும் "சரியாச் சொன்னீங்க" என்றாரா? அந்தத் தயக்கத்தோடு இதையும் அரசு வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே போட்டோ காட்டிவிட்டு நடத்திய அணிவகுப்பை நம் நீதிமன்றங்களும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.