பிள்ளை போன் விளையாட்டுக்குள் வாங்கிய பொருள்: பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

கேள்வி: என் எட்டு வயதுப் பையன் என் ஆண்ட்ராய்டு போனில் முந்தாநாளும் நேற்றும் விளையாட்டில் ரத்தினக்கல் வாங்கித் தள்ளியிருக்கிறான். 14 முறை பணம் போயிருக்கிறது. வங்கியில் சொல்லி நிறுத்தட்டுமா?

முதலில் வங்கிக்குப் போகாதீர்கள். வங்கி வழியாகப் பணத்தை இழுத்தால் உங்கள் கூகுள் கணக்கே முடங்கலாம். கூகுளிடமே கேளுங்கள். கூகுள் ஆர்டர் எண் GPA என்று தொடங்கும், மெயிலில் அதைத் தேடுங்கள், 14 ரசீதும் வரும். ஒவ்வொரு ரசீதும் தனி ஆர்டர், தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். வாங்கியதிலிருந்து 48 மணி நேரம் என்பதுதான் கணக்கு. முந்தாநாள் மாலை 7 மணிக்கு வாங்கியதற்கு இன்று 7 மணியோடு நேரம் முடிகிறது. அதனால் பழையதிலிருந்து தொடங்குங்கள். ப்ளே இணையதளத்தில் ஆர்டர் பட்டியலைத் திறந்து, குடும்பத்தில் ஒருவர் என் அனுமதியில்லாமல் வாங்கினார் என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். பதில் வரும்வரை பையன் அந்த விளையாட்டைத் திறக்க வேண்டாம். செலவழிக்காத கல் இருக்கும்போது கேட்பது உங்களுக்கு நல்லது. அப்புறம், ப்ளே அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் வாங்கி 48 மணி நேரம் தாண்டிவிட்டது. 120 நாள் வரை தருவார்கள் என்று படித்தேன். அதைப் போட்டுவிடலாம்தானே?

120 நாள் உண்மைதான், ஆனால் அது முன்பின் தெரியாத யாரோ உங்கள் கார்டையோ கணக்கையோ பயன்படுத்தியிருந்தால். உங்கள் மகள் வாங்கியதை 'யாரென்றே தெரியாது' என்று எழுதாதீர்கள். விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். ப்ளே பக்கத்தின் கீழே அவர்கள் மெயில் இருக்கும். ஆர்டர் எண், வாங்கிய நேரம், விளையாட்டுக்குள் உள்ள பயனர் எண் மூன்றையும் முதல் மெயிலிலேயே கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது ஐபோன். reportaproblem.apple.com போனேன், ஆனால் நேற்று வாங்கியதற்குக் கேட்கவே முடியவில்லை.

பணம் இன்னும் முழுதாகப் பிடிக்கப்படவில்லை, நிலுவையில் இருக்கிறது. ரசீது மெயில் வந்த பிறகு மறுபடி போய்ப் பாருங்கள். காரணப் பட்டியலில் சிறுவர் அனுமதியின்றி வாங்கியது தனியாகவே இருக்கும். பதில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வரும்.

கேள்வி: என் பேத்தி ஏதோ மாதச் சந்தா எடுத்துவிட்டாள். அன்றே ரத்து செய்தேன். பணம் வரவில்லையே?

ஐயா, ரத்து செய்தால் அடுத்த மாதப் பணம் போகாது, அவ்வளவுதான். போன பணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்றே செய்யுங்கள்.

கேள்வி: போன வருடம் ஒருமுறை கூகுளில் திருப்பித் தந்தார்கள். இம்முறை மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

ஒருமுறை தந்த பிறகு கடவுச்சொல் வைக்காமல் விட்டிருந்தால் வாதம் பலவீனம்தான். விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். அவர்களும் மறுத்தால் வங்கிதான் மிச்சம், அங்கே கணக்கு முடங்கும் ஆபத்து இருக்கிறது. உங்கள் படங்களும் மெயிலும் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன என்றால், நான் அந்த வழியில் போகமாட்டேன்.