மாமாவின் 2,90,000 யென்: 2023-ல் எத்தனை டாலர்?

கேள்வி: 1990-ல் அமெரிக்காவில் வேலை பார்த்த எங்கள் மாமா, அப்பாவின் தொழிலுக்காக ஜப்பானிலிருந்து ஒரு தையல் இயந்திரம் வரவழைத்துக் கொடுத்தார். ரசீதில் 2,90,000 யென் என்று இருக்கிறது. அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதப்படி (1 டாலருக்கு 145 யென்) அது 2,000 டாலர். மாமா இன்றும் அமெரிக்காவில்தான் இருக்கிறார். 2023 விலைவாசிப்படி அவருக்குத் திருப்பித் தர முடிவு செய்தோம். அண்ணன் 2,490 டாலர் என்கிறார். நான் போட்டால் 4,660 வருகிறது. எங்கள் கணக்காளர் 4,830 என்கிறார். அத்தையோ, "அதே மாதிரி இயந்திரம் இப்போது 2,80,000 யென்தான், 2,000 டாலர் கொடுத்தால் போதும்" என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் மாமாவுக்குத் தர வேண்டியது 4,660 டாலரை ஒட்டிய தொகை. கணக்காளர் சொன்ன தொகை உங்களுடையதற்கு மிக அருகில் இருந்தாலும் அந்த வழி தவறு. அண்ணனின் கணக்கில் பிழையே இல்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. அத்தை சொல்வது மூன்றாவது ஒன்று. நான்கும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் மனஸ்தாபம் இல்லாமல் பேசி முடிக்கலாம்.

முதலில் நீங்கள் போட்ட கணக்கு. யென்னை அன்றைய விகிதத்தில் டாலராக்கினீர்கள், பிறகு அமெரிக்கப் பணவீக்கத்தை ஏற்றினீர்கள். அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீடு 1990-ல் சராசரியாக 130.7, 2023-ல் 304.7. பின்னதை முன்னதால் வகுத்தால் 2.33. ஆக 2,000 டாலர் 4,660 ஆகிறது. இதில் மாற்று விகிதம் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் 1990-ன் விகிதம். 2023-ல் யென் என்ன விலைக்குப் போனது என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

அண்ணன் பயணத்தைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். யென்னை யென்னாகவே வைத்து ஜப்பானின் பணவீக்கத்தை ஏற்றினார். அந்த 33 ஆண்டுகளில் ஜப்பானில் விலைவாசி ஏறத்தாழ 1.2 மடங்குதான் ஆனது. எனவே 2,90,000 யென் 3,48,000 யென் ஆனது. அதை 2023-ன் சராசரி விகிதமான சுமார் 140-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,490 டாலர். இங்கேயும் மாற்று விகிதம் ஒரு முறைதான் வருகிறது, ஆனால் 2023-ன் விகிதம்.

இரண்டும் முறையான கணக்குகள். இருந்தும் ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "145-லிருந்து 140, யென் அசையவே இல்லையே, பிறகு எப்படி இவ்வளவு இடைவெளி?" என்றுதான் எல்லோரும் திகைப்பார்கள். விஷயமே அந்த அசையாமையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் விலைகள் 2.33 மடங்கு ஏற, ஜப்பானில் 1.2 மடங்கு மட்டுமே ஏறியிருக்கிறது. இரண்டு பணத்தின் வாங்கும் திறனும் 1990-ல் இருந்த அதே உறவில் நீடித்திருக்க வேண்டுமானால், டாலர் யென்னுக்கு எதிராக இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு? 145-ஐ 1.2-ஆல் பெருக்கி 2.33-ஆல் வகுத்தால் சுமார் 75. அதாவது 1 டாலருக்கு 75 யென் என்று வந்திருந்தால் அண்ணனின் வழியும் உங்கள் வழியும் ஒரே தொகையில் வந்து நின்றிருக்கும். 3,48,000-ஐ 75-ஆல் வகுத்துப் பாருங்கள், 4,640 வரும். வழியில் செய்த முழு எண்ணாக்கத்தால் மட்டுமே அந்த 20 டாலர் குறைகிறது.

உண்மையில் விகிதம் 140. 140-ஐ 75-ஆல் வகுத்தால் 1.87. இந்த 1.87-தான் உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள முழு வித்தியாசம். பொருளாதாரத்தில் இதை உண்மை மாற்று விகிதத்தின் மாற்றம் என்பார்கள்: இரு நாட்டுப் பணவீக்கத்தையும் கழித்த பிறகு மிஞ்சுகிற நாணய ஏற்றத்தாழ்வு. பத்திரிகையில் தினமும் வருகிற விகிதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இது எப்போதும் ஒரே பக்கம் சாய்வதும் இல்லை. இதே ரசீதை 2011 விலைவாசிப்படி தீர்த்திருந்தால், அந்த ஆண்டு யென் மிக வலுவாக, சராசரியாக 80-ஐ ஒட்டி இருந்தது. அமெரிக்கக் குறியீடு 1990-ஐப் போல 1.72 மடங்கு, ஜப்பானில் சுமார் 1.06 மடங்கு. உங்கள் வழியில் 3,440 டாலர், அண்ணன் வழியில் 3,840 டாலர். அன்றைக்கு அவர் தொகைதான் பெரிது. எந்த வழி பெரிய தொகை தருகிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? 1990-ல் யாருடைய பணப்பை குறைந்ததோ, அவர் வாழ்ந்த நாட்டின் பணத்தில் கணக்கை வைக்க வேண்டும். மாமா டாலரில் சம்பாதித்தார், டாலரில் வாடகை கட்டினார். இயந்திரத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தது, அமெரிக்காவில் 2,000 டாலருக்கு வாங்கியிருக்கக்கூடிய பொருள்களை. அவற்றை 2023 விலையில் அங்கேயே வாங்க 4,660 டாலர் வேண்டும். அவர் அன்று ஜப்பானில் வேலை பார்த்து, இன்றும் அங்கேயே வசிப்பவராக இருந்திருந்தால் 3,48,000 யென்தான் நியாயமான தொகை. அப்போது நான் அண்ணன் பக்கம் நின்றிருப்பேன். (ஒரு நாட்டில் சம்பாதித்து இன்னொரு நாட்டில் ஓய்வுபெற்றவர்களின் கணக்கு இவ்வளவு எளிதாக முடியாது. அதைக் குடும்பத்தில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.)

இனி கணக்காளர். அவர் 2,90,000 யென்னை 2023-ன் விகிதமான 140-ஆல் வகுத்திருக்கிறார், 2,071 டாலர் வந்தது. அதன் மேல் அமெரிக்கப் பணவீக்கத்தை ஏற்றியதும் ஏறத்தாழ 4,830. இடையில் வந்த அந்த 2,071 டாலரைப் பாருங்கள். அது எந்த ஆண்டின் டாலர்? 1990-ன் யென்னை 2023-ன் விகிதத்தால் மாற்றியதால் அது எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லாத பணம். அதன் மேல் 33 ஆண்டுப் பணவீக்கத்தை ஏற்றுவதற்குப் பொருளே இல்லை. 145-ம் 140-ம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் பிழை 170 டாலரோடு தப்பித்தது. 1970-ஐ எடுத்துக்கொண்டால் சாயம் வெளுத்துவிடும். அப்போது 1 டாலருக்கு 360 யென் என்று விகிதம் நிலையாக இருந்தது. 3,60,000 யென் என்றால் அன்று 1,000 டாலர். அமெரிக்கக் குறியீடு 38.8-லிருந்து 304.7-க்கு, அதாவது 7.85 மடங்கு ஏறியது. சரியான விடை 7,850 டாலர். கணக்காளரின் வழியில் 20,000 டாலரைத் தாண்டிவிடும்.

இந்தப் பிழையைப் பிடிக்க ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எந்த நாணயம், எந்த ஆண்டு என்று இரண்டையும் எழுதுங்கள். "1990 யென்" என்பதிலிருந்து ஓர் அடியில் ஆண்டை மாற்றலாம், அப்போது ஜப்பானின் குறியீடு வேண்டும். அல்லது நாணயத்தை மாற்றலாம், அப்போது 1990-ன் விகிதம் வேண்டும். ஒரே அடியில் இரண்டும் மாறினாலோ, மாறியது எது என்று எழுத முடியாமல் பேனா நின்றாலோ அங்கேதான் தவறு. குறியீட்டை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஜப்பானின் குறியீட்டுக்கு அடிப்படை ஆண்டை அவ்வப்போது மாற்றுவார்கள். 2023-ல் இருந்த வரிசையில் 2020 = 100. பழைய வரிசையிலிருந்து ஓர் எண்ணையும் புதிய வரிசையிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்து வகுத்தால் விடை தாறுமாறாகும்.

அத்தை சொல்வதில் ஒரு நல்ல தகவல் இருக்கிறது. இயந்திரத்தின் இன்றைய விலை 2,80,000 யென். ஜப்பானின் பொதுவான பணவீக்கத்தோடு அதுவும் ஏறியிருந்தால் 3,48,000 ஆகியிருக்கும். 2,80,000-ஐ 3,48,000-ஆல் வகுத்தால் 0.80. மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் இந்த இயந்திரம் 20 விழுக்காடு மலிவாகிவிட்டது என்று பொருள். டாலர் சம்பளக்காரருக்கோ அன்று 2,000, இன்றும் 2,000. பணவீக்கத்தைக் கழித்தால், 4,660-க்கு நிகராக இருக்க வேண்டியது 2,000-க்குக் கிடைக்கிறது, 0.43 பங்கு. இந்த 0.43-ஐப் பிரித்தால், இயந்திரம் தானாக மலிவானது 0.80, உண்மை மாற்று விகிதத்தில் யென் சரிந்தது 1.87-ல் ஒரு பங்கு, அதாவது 0.53. இரண்டையும் பெருக்கினால் 0.43-க்கு அருகே வரும். "விலை மாறவே இல்லை" என்று அத்தைக்குத் தோன்றுவது, பணவீக்கம் மேலே தள்ள, மலிவும் யென் சரிவும் அதே அளவு கீழே இழுத்ததால்தான்.

மாமா உங்களிடம் இன்னொரு புது இயந்திரம் கேட்டால் 2,000 டாலர் போதும். அவர் தந்த பணத்தின் மதிப்பைத் திருப்பித் தருவதாக இருந்தால் போதாது. இயந்திரம் மலிவானதற்கும் அவர் அன்று செய்த செலவுக்கும் சம்பந்தமில்லை. அந்த 4,660-ம் விலைவாசியை ஈடுகட்டுவது மட்டுமே, அதில் வட்டி எதுவும் சேரவில்லை. இதை எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ரசீதின் மாதத்தைப் பாருங்கள். 145 என்பது 1990-ன் சராசரி. அந்த ஆண்டு ஏப்ரலில் 1 டாலருக்கு 158 யென்னை ஒட்டி இருந்தது, அக்டோபரில் 130-க்கு வந்துவிட்டது. ஏப்ரலில் வாங்கியிருந்தால் மாமா கொடுத்தது 1,835 டாலர், அக்டோபரில் என்றால் 2,230 டாலர். அமெரிக்கக் குறியீடும் ஏப்ரலில் 128.9, அக்டோபரில் 133.5. 2023 டிசம்பர் குறியீடான 306.7-க்குக் கொண்டுவந்தால் முன்னது சுமார் 4,370, பின்னது சுமார் 5,120 டாலர். 750 டாலர் வித்தியாசம் உங்கள் நால்வரின் விவாதத்தை மறுபடி கிளப்பப் போதுமானது. மாமாவிடம் அந்தக் காலத்து வங்கி அறிக்கையோ காசோலைக் குறிப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் கணக்கிலிருந்து எத்தனை டாலர் போனது என்று அதில் இருந்தால் யென்னும் விகிதமும் வேண்டியதே இல்லை. அந்தத் தொகையை அந்த மாதக் குறியீட்டால் வகுத்து, 2023-ல் நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாதக் குறியீட்டால் பெருக்கிவிடுங்கள்.