ஃபோலிக் மாத்திரையும் மடிப்பில்லாத மூளையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு ஏழு மாதம். வலிப்பு வந்து எம்ஆர்ஐ எடுத்ததில் லிசென்செஃபலி, மூளையில் மடிப்புகளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பமானது தெரிந்த பிறகும் அக்கா ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, அதனால்தான் இப்படி என்று வீட்டில் பேசுகிறார்கள். ஸ்பைனா பிஃபிடா வருவதும் அந்த மாத்திரையை விடுவதால்தான் என்று படித்தேன். இரண்டும் ஒன்றா? ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் எதுவும் தெரியவில்லை? அடுத்த குழந்தைக்கும் வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரைக்கும் இந்தக் குழந்தையின் மூளைக்கும் தொடர்பில்லை. இதை முதலில் அக்காவிடம் சொல்லுங்கள், அப்புறம் வீட்டில் மற்றவர்களிடம்.

ஃபோலிக் ஆசிட் உதவுவது நரம்புக்குழல் மூடும் கட்டத்தில். கரு உருவாகி மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான செல் படலம் இருக்கும். அதன் இரு ஓரங்களும் எழும்பி ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ள, அது பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழலாகிறது. 22ஆம் நாள் வாக்கில் பிடரிப் பகுதியில் ஒட்டத் தொடங்கி ஜிப் இழுப்பது போல மேலும் கீழும் மூடிக்கொண்டு போகும். தலைப் பக்க வாய் 25ஆம் நாள் வாக்கிலும் கீழ் முனை 28ஆம் நாள் வாக்கிலும் மூடிவிடும். கீழே மூடாமல் நின்றால் ஸ்பைனா பிஃபிடா. தண்டுவடம் அந்த இடத்தில் திறந்தே கிடக்கும், அதற்குக் கீழேயுள்ள கால், சிறுநீர்ப்பை நரம்புகள் பாதிக்கப்படும். மாத்திரை இதைப் பெருமளவு தடுக்கும், முழுவதுமாக அல்ல. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த பெண்களிடம் நடந்த, 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், தினம் 4 மில்லிகிராம் கொடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மாதவிலக்கு தள்ளிப்போகும்போதே கருவுக்கு ஏறக்குறைய 14 நாள் ஆகியிருக்கும், அடுத்த இரண்டு வாரத்தில் குழல் வேலை முடிந்துவிடும். பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதே அதற்குள்தான். அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் அக்கா மகனுக்கு அந்தக் குழல் சரியாகவே மூடியிருக்கிறது. கோளாறு அதற்குப் பல வாரங்கள் கழித்து. மூளையின் உட்குழிகளை ஒட்டிய சுவரில் பிறக்கும் நரம்பு செல்கள், அங்கிருந்து வெளிப்பரப்பு வரை நீளும் ரேடியல் கிளியா என்ற துணைச் செல்களின் இழைகளைப் பிடித்து ஏறிப் போக வேண்டும். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை இதுதான் பெரிய வேலை. முதலில் வந்தவை அடியில் தங்கும், பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போய் அமரும், இப்படி ஆறு அடுக்கு. ஒவ்வொரு செல்லும் முன்னே ஒரு கையை நீட்டி, பிறகு தன் உட்கருவை அதற்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுவைக்கு செல்லுக்குள் இருக்கும் மைக்ரோடியூப்யூல் இழைகள் வேண்டும். LIS1, DCX என்ற இரண்டு மரபணுக்கள் தரும் புரதங்கள் இந்த இழைகளோடும் அவற்றின் மேல் ஓடும் மோட்டார் புரதத்தோடும் வேலை செய்பவை. இவற்றில் ஒன்று கெட்டால் செல்கள் பாதி வழியில் நின்றுவிடும். வழக்கமாக 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் மூளையின் வெளி அடுக்கான புறணி 10 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்து, மடிப்பு விழாமல் போகும். குறுக்குவெட்டுப் படத்தில் மூளை 8 என்ற எண் மாதிரி தெரியும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாததற்குக் காரணம் எளிது. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளின் மூளையும் பெரும்பாலும் வழுவழுப்புதான், பெரிய மடிப்புகள் பல அதற்குப் பிறகே விழும். ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கு மரபணுச் சோதனை பார்த்தால்தான் பதில். LIS1 என்றால் பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாக வந்த மாற்றமாகவே இருக்கும், பெற்றோரிடம் இருக்காது. மறுபடி வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். பெற்றோரின் ரத்தத்தில் காணாத மாற்றம் சில சமயம் அவர்களுடைய விந்து அல்லது முட்டை செல்களில் ஒளிந்திருக்கலாம். DCX என்றால் கதை வேறு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு ஒரே எக்ஸ், எனவே எல்லா நரம்பு செல்களும் தடுமாறும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை வேலை செய்யாமல் நிறுத்திவிடும். நல்ல எக்ஸ் வேலை செய்யும் செல்கள் மேலே போய்ச் சேர, மற்றவை நடுவழியில் இன்னொரு பட்டையாகத் தங்கிவிடும். எம்ஆர்ஐயில் புறணிக்கு அடியில் இரண்டாவது புறணி போலத் தெரியும். இப்படிப்பட்ட பெண்களில் சிலருக்கு வலிப்பு இருக்கும், சிலர் ஒன்றும் தெரியாமலே அம்மாவாகியிருப்பார்கள். அக்காவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டா என்று விசாரியுங்கள், குழந்தையின் முடிவு DCX என்று வந்தால் அக்காவுக்கும் சோதனையும் எம்ஆர்ஐயும் கேளுங்கள். மாற்றம் அக்காவிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் அதைக் கடத்த பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் எதுவென்று தெரிந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கருவில் அதைத் தேடிப் பார்க்க முடியும், மடிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாத்திரையை அப்போதும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போடச் சொல்லுங்கள், தினம் 400 மைக்ரோகிராம். அது குழலுக்காக. இதற்காக அல்ல.